ஏஜென்சி ஆளும் கம்பெனி ஆளும்: சம்பளம், சலுகை, லீவு பற்றி ஓசூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“மாசம் 20,000 சம்பளம்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. கைக்கு 13,000 சொச்சம்தான் வருது. மீதியை ஏஜென்சி அடிச்சுடுச்சா?”

அடித்ததா இல்லையா என்பது அப்புறம். அந்த 20,000 எந்தத் தொகை என்று முதலில் பாருங்கள். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் சுவரில் ஒட்டும் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸில் இருப்பது பெரும்பாலும் சிடிசி, அதாவது உங்கள் பேரில் ஆகும் மொத்தச் செலவு. சம்பளம் அதற்குள் ஒரு பகுதிதான்.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். பென்னாகரத்துக்காரர், ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நிற்கிறார். மாதம் 26 நாள் வேலை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, வீட்டு வாடகைப் படி 1,500. சம்பளச் சீட்டில் மொத்தம் 15,500. இதற்கு மேல் ஏஜென்சி தன் பங்காகக் கட்டும் பிஎஃப், நிர்வாகக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,820. ஈஎஸ்ஐ பங்கு 3.25 சதவீதம், 504. போனஸுக்கு 8.33 சதவீதம், 1,166. வருட லீவுச் சம்பளத்துக்கு மாதம் ஒண்ணேகால் நாள் வீதம் 745. யூனிஃபார்ம், ஷூவுக்கு 265. எல்லாம் கூட்டினால் 20,000 வந்துவிடும்.

இனி அந்த 15,500-ல் அவருடைய பங்கைப் பிடிப்பார்கள். பிஎஃப் 12 சதவீதம் 1,680, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 117. கையில் 13,703. பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் பிடித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இதில் பிஎஃப் பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டால் அது எங்கும் போகவில்லை; இரண்டு பங்கும் பென்ஷன் தொகை உட்பட அவர் பெயரில்தான் சேர்கிறது. ஈஎஸ்ஐ, ஆஸ்பத்திரிச் செலவாகவும் நோய்க்காலப் பணமாகவும் திரும்பி வரக்கூடியது. ஏஜென்சி ஆட்களுக்கு வழியிலேயே கரைவது போனஸ் 1,166-ம் லீவு 745-ம்தான். நேரடி ஊழியருக்கும் இப்போது சிடிசி கணக்கில்தான் ஆர்டர் தருகிறார்கள். ஆனால் அவருக்குத் தீபாவளிக்கு முன் போனஸ் தானாக வரும், லீவு அவர் கணக்கில் தானாக ஏறும். ஏஜென்சி ஆள் கேட்டால்தான் வரும்.

“அந்தப் போனஸ், லீவுப் பணம் எப்பதான் கைக்கு வரும்? நான் எட்டு மாசத்துல நின்னுட்டேன், ‘வருஷம் முடிக்கலை, கிடையாது’ன்னாங்க.”

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பல ஒப்பந்தங்களில் கம்பெனி மாதாமாதம் ஏஜென்சிக்குக் கொடுக்கும் பில்லில் ஒவ்வொரு ஆளுக்கும் மேலே சொன்ன ஒவ்வொரு வரியும் தனித்தனியாக இருக்கும். அதற்கு மேல் ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதாவது போனஸும் லீவுச் சம்பளமும் கம்பெனியிலிருந்து புறப்பட்டு ஏஜென்சிக்கு வந்து சேர்ந்துவிட்டன. மாதம் 1,911 ரூபாய் வீதம் எட்டு மாதத்துக்கு 15,288. பாதியில் நிற்பவர் கேட்காமல் போனால் இது ஏஜென்சியின் லாபத்தில் சேர்ந்துவிடும். அடிக்கடி ஆள் மாறுகிற லைன்களில் சர்வீஸ் சார்ஜைக் குறைத்து டெண்டர் எடுத்தும் சில ஏஜென்சிகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதற்கு இது ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். சில கம்பெனிகள் போனஸ் கொடுத்த ரசீதைக் காட்டினால்தான் அந்தத் தொகையை விடுவிக்கும். அங்கே இந்த ஓட்டை இல்லை.

போனஸுக்கு வருடம் முடிக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போதும். செய்த காலத்துக்கு உரிய பங்கு உங்களுடையது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம். 7,000 ரூபாய், அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இந்த இரண்டில் எது அதிகமோ அந்தத் தொகை வரையிலான சம்பளத்துக்குக் கணக்கிடுவார்கள். கணக்காண்டு மார்ச் 31-ல் முடிந்தால் நவம்பர் 30-க்குள் கொடுத்தாக வேண்டும். டிசம்பரில் வேலையை விட்டவர் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க நேரலாம், ஆனால் உரிமை போகாது. மோசடி, திருட்டு, வேலையிடத்தில் அடிதடி போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டால்தான் போகும்.

லீவும் அப்படியே. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேர்ந்த லீவு, நீங்கள் எடுக்காமல் விலகினால் பணமாக வர வேண்டும்.

கேட்பது எப்படி? ஏஜென்சி சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். சேர்ந்த தேதி, நின்ற தேதி, எந்த கம்பெனி, எந்தத் தொகை என்று எழுதி ஏஜென்சிக்கு மெயில் அனுப்புங்கள். அதன் நகலை, நீங்கள் வேலை செய்த கம்பெனியில் ஒப்பந்த ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் ஹெச்ஆருக்கும் அனுப்புங்கள். ஏஜென்சி தராவிட்டால் கம்பெனிதான் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பே சொல்வதால் அந்த நகலுக்கு வலு உண்டு.

“பக்கத்து மெஷின்ல நிக்கிற பெர்மனன்ட் அண்ணன் என்னைவிட ரெண்டு மடங்குக்கு மேல வாங்குறார். ஒரே வேலைதானே சார்?”

அவர் சம்பளம் குறைந்தபட்சக் கூலியில் உருவானதல்ல. யூனியனும் நிர்வாகமும் சில வருடங்களுக்கு ஒருமுறை போடும் ‘அக்ரிமென்ட்’டில் ஏறி ஏறி வந்தது. அந்த அக்ரிமென்ட்டில் ஏஜென்சி ஆட்கள் வழக்கமாக இருப்பதில்லை. உங்கள் சம்பளம் ஏஜென்சி டெண்டரில் முடிவானது. அதன் தரைமட்டம் குறைந்தபட்சக் கூலி.

பழைய 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், நேரடி ஊழியர் செய்யும் அதே வேலையை அல்லது அதையொத்த வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் கூலி, லீவு, வேலை நேரம் எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்பது ஏஜென்சியின் உரிமத்துக்கே நிபந்தனை. ‘ஒரே வேலையா’ என்று தகராறு வந்தால் தொழிலாளர் துறை அதிகாரி விசாரித்துச் சொல்ல வேண்டும். ஏட்டில் இருப்பது இவ்வளவு. நடப்பில் கம்பெனிகள் வேலையின் பெயரையே பிரித்து வைத்திருக்கும். பெர்மனன்ட் ‘ஆபரேட்டர்’, நீங்கள் ‘ஹெல்பர்’ அல்லது ‘லோடர்’. இரண்டு பேரும் அதே பட்டனைத்தான் அழுத்துகிறீர்கள் என்பதை நிரூபிக்க ஷிப்ட் ரோஸ்டர், மெஷின் லாக் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து, பயிற்சிச் சான்றிதழ் இப்படி ஏதாவது கையில் இருக்க வேண்டும். தனி ஆளாகப் போய் இதில் ஜெயித்தவர்கள் குறைவு. சேர்ந்து போனால் பேச்சுவார்த்தைக்காவது கூப்பிடுவார்கள்.

“பிஎஃப் பிடிக்கிறாங்க, கட்டுறாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். எனவே மாதக் கடைசியில் passbook.epfindia.gov.in தளத்திலோ உமங் ஆப்பிலோ உங்கள் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். தொகை ஏறியிருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், எந்தச் சம்பளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சீட்டில் அடிப்படையும் பஞ்சப்படியும் 14,000 என்று போட்டு, பாஸ்புக்கில் 9,000-க்குக் கட்டியிருந்தால் மாதம் இரண்டு பக்கமும் சேர்த்து 1,200 ரூபாய் உங்களுக்கு நஷ்டம். சம்பளத்தைப் பல படிகளாகச் சிதறடித்து அடிப்படையைச் சுருக்குவது பழைய வித்தை. படிகளெல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுந்ததைச் சம்பளமாகவே கணக்கிட வேண்டும் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது.

நிறுவனங்களும் பிஎஃப் விஷயத்தில் அசட்டையாக இருப்பதில்லை. ஏஜென்சி கட்டாமல் விட்டால் பிஎஃப் ஆபீஸ் கம்பெனியையே பிடிக்கும் என்பதால், சலானையும் ஆட்களின் பட்டியலையும் வாங்கிப் பார்த்துத்தான் பில் பாஸ் செய்வார்கள். அதனால் முதலில் கம்பெனி ஹெச்ஆரிடம் சொல்லுங்கள். நகராவிட்டால் epfigms.gov.in தளத்தில் புகார் போடலாம். சம்பளச் சீட்டில் பிடித்தமும் பாஸ்புக்கில் வெறுமையும் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

“ஓடி பார்த்தா சிங்கிள்தான் தர்றாங்க. பெர்மனன்டுக்கு மட்டும் டபுள்.”

ஓடி, அதாவது கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு இருவருக்கும் பொது. ஏஜென்சி ஆளுக்கு ஒற்றை மடங்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலே சொன்ன பென்னாகரத்துக்காரரின் 14,000-ஐ 26 நாள், 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 67 ரூபாய் சொச்சம். ஓடிக்குக் குறைந்தது 134 வர வேண்டும். மாதம் 20 மணி நேரம் பார்த்தால் ஒற்றை மடங்கில் 1,300-க்கு மேல் போகிறது. சீட்டில் ஓடி என்ற வரியே இல்லாமல் ‘இன்சென்டிவ்’ என்று கையில் கொடுத்தால் மணி நேரத்தை நீங்களே குறித்து வையுங்கள். கேட்டில் பஞ்ச் ஆகும் நேரம் கம்பெனி சர்வரில் இருக்கும், அது பின்னால் உதவும். ஓடி பணத்துக்கு பிஎஃப் பிடிக்க மாட்டார்கள், ஈஎஸ்ஐ பிடிப்பார்கள். மாதாமாதம் ஈஎஸ்ஐ தொகை கூடிக் குறைவது இதனால்தான்.

“ஒரு நாள் லீவு போட்டா ரெண்டு நாள் சம்பளம் போகுதே, அது எப்படி?”

வராத நாளுக்கான கூலியை மட்டும்தான் பிடிக்க முடியும். இரண்டு நாள் போவது போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் அட்டென்டன்ஸ் போனஸ்தான் காரணம். 26 நாளும் வந்தால் தனியாக ஒரு தொகை என்று வைத்திருப்பார்கள், ஒரு நாள் விட்டாலும் அது முழுதாகப் போய்விடும். அப்படி எழுத்தில் இருந்தால் செல்லும். எழுத்தில் இல்லாமல் ‘சண்டேவுக்கு முன்னாடி லீவு போட்டே, அதனால ரெண்டு நாள்’ என்று பிடித்தால் செல்லாது.

லீவில்தான் பெர்மனன்டுக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் கண்ணில் படும். சட்டப்படியான வருட லீவு இருவருக்கும் ஒன்றே. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் வருடத்துக்கு 240 நாள் வேலை செய்தவருக்குத்தான் அந்த லீவு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 180 நாளே போதும். வருடத்தில் ஒன்பது சம்பள விடுமுறை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் உண்டு. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு கட்டாயம், மீதி ஐந்து பண்டிகை நாட்கள். ஓசூர் பக்கம் யுகாதியும் அதில் சேர்வதுண்டு. அன்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை.

பெர்மனன்ட் எடுக்கும் சிஎல், எஸ்எல் எல்லாம் இதற்கு மேலே, கம்பெனியின் நிலையாணையிலும் அக்ரிமென்ட்டிலும் இருந்து வருபவை. அவற்றை உங்களுக்குத் தர வேண்டும் என்று ஏஜென்சியைக் கட்டாயப்படுத்துவது கஷ்டம். சமவேலை வாதம் ஒன்றுதான் வழி.

“காய்ச்சல்ல பத்து நாள் படுத்துட்டேன். எஸ்எல் இல்லை. பத்து நாளும் போச்சா?”

ஈஎஸ்ஐ இருந்தால் போகவில்லை. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. நோய்க்காலத்துக்கு வருடம் 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம் தருவார்கள். முதல் இரண்டு நாள் கணக்கில் வராது. ஆக பத்து நாள் படுத்தால் எட்டு நாளுக்கு வரும்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. அதற்குரிய ஆறு மாத சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்கு உங்கள் பேரில் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது ஜனவரி முதல் ஜூன் வரையிலான நோய்க்குப் பயன்படும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. சில ஏஜென்சிகள் 26 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள் என்று காட்டிச் சந்தாவைக் குறைப்பதுண்டு. நோய் வரும்போதுதான் அது தெரியவரும். அப்போது 78 நாள் நிறையாது.

நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, ஊருக்குப் போய் அரூரிலோ காரிமங்கலத்திலோ பழக்கமான டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவது. அந்தச் சீட்டுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. ஈஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டர் தரும் மருத்துவச் சான்றிதழ்தான் எளிதில் செல்லும், அதையும் படுத்த முதல் நாளே வாங்க வேண்டும்.

“11 மாசத்துக்கு ஒரு தடவை ஏஜென்சி பேரை மாத்துறாங்க. வேலை அதேதான், லைன் அதேதான். நமக்கு என்ன நஷ்டம்?”

மாதச் சம்பளத்தில் ஒன்றும் தெரியாது. நஷ்டம் சர்வீஸில். புது ஏஜென்சி உங்களைப் புது ஆளாகச் சேர்க்கும், பழையவர் கணக்கை முடிப்பார். சேர்ந்திருந்த லீவு பூஜ்யத்துக்குப் போகும். கிராஜுவிட்டி ஐந்து வருடத் தொடர்ச்சியில் வருவது. வருடத்துக்கு 15 நாள் கூலி. பென்னாகரத்துக்காரர் ஐந்து வருடம் ஒரே முதலாளியிடம் இருந்தால் 14,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் 40,384 ரூபாய். மூன்று ஏஜென்சி மாறியிருந்தால் ஒருவரும் ஐந்து வருடம் ஆகவில்லை என்பார்கள்.

மாற்றியதை ஆட்களுக்குச் சொல்வதுகூட இல்லை. புது அட்டையும் ஒரு கையெழுத்தும்தான். பிஎஃப் தளத்தில் View மெனுவில் Service History என்று இருக்கும், திறந்து பாருங்கள். ஒரே யுஏஎன், அதாவது உங்கள் பிஎஃப் எண்ணின் கீழே எத்தனை நிறுவனம், எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகியதாகக் காட்டியிருக்கிறார்கள் என்று வரிசையாக இருக்கும். நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி இருந்து, அந்த நாட்களிலும் நீங்கள் வேலைக்குப் போயிருந்தால், கம்பெனி பஸ்ஸில் ஏறிய பதிவையும் பஞ்ச் பதிவையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஏஜென்சி மாறும்போது பழையவரிடம் போனஸும் லீவுப் பணமும் கணக்கு முடித்து வாங்கிவிடுங்கள். ‘அடுத்தவன் தருவான்’ என்றால் அடுத்தவன் தர மாட்டான்.

“480 நாள் முடிச்சா பெர்மனன்ட் ஆக்கணும்னு சட்டம் இருக்காமே?”

இருக்கிறது. 1981-ம் ஆண்டு தமிழ்நாடு நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரமாகிறார் என்கிறது. கம்பெனி நேரடியாக எடுத்த தற்காலிக ஆட்கள் இதை வைத்து உரிமை கேட்கலாம். ஏஜென்சி ஆளுக்கு இடையில் ஒரு சுவர் இருக்கிறது: ‘அவர் என் ஊழியரே இல்லை’ என்று கம்பெனி சொல்லும்.

அந்தச் சுவரை உடைக்க, ஒப்பந்தம் வெறும் பெயருக்கானது என்று காட்ட வேண்டும். ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர் தானாகக் கம்பெனி ஊழியர் ஆகிவிட மாட்டார், ஆனால் ஒப்பந்தமே போலி என்று விசாரணையில் தெரிந்தால் அவரைக் கம்பெனியின் ஊழியராகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் செயில் நிறுவன வழக்கில் சொல்லிவிட்டது. லீவு கொடுப்பது யார், வேலை சொல்வது யார், மெமோ தருவது யார், ஏஜென்சிக்காரர் தளத்தில் இருக்கிறாரா அல்லது சம்பளத் தேதியில் மட்டும் வருகிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். கம்பெனி இன்ஜினியரே உங்கள் லீவு மெசேஜுக்கு ‘ஓகே’ போட்டிருந்தால் அந்த வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், யூனியன் துணை இல்லாமல் இறங்குவது சிரமம்.

“நான் அப்ரண்டிஸ்னு போட்டிருக்காங்க. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?”

பதிவு செய்யப்பட்ட அப்ரண்டிஸ் என்றால் பொருந்தாது. அவருக்கு உதவித்தொகைதான், பிஎஃப், போனஸ் கிடையாது. ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கம்பெனியே நேரடியாக இரண்டு வருடம், மூன்று வருடம் என்று எழுதி எடுத்தால் அது வேறு வகை, குறித்த கால வேலை. அவருக்கு நிரந்தர ஊழியரின் சலுகைகள் உண்டு, புதிய தொகுப்பில் ஒரு வருடத்துக்கே கிராஜுவிட்டியும் உண்டு. ஏஜென்சி வேலையும் இதுவும் ஒரே நேரத்தில் வந்தால், கையில் 500 ரூபாய் குறைந்தாலும் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

“வேலையை விடப் போறேன். என்னென்ன வாங்கிட்டு வரணும்?”

கடைசிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும் என்பது புதிய விதி. அதோடு லீவுப் பணம், ஓடி பாக்கி, ஷூவுக்கோ அட்டைக்கோ பிடித்த டெபாசிட் இருந்தால் அது. போனஸை எப்போது தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டும் சர்வீஸ் சான்றிதழும் கையில் இருக்கட்டும். ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளை நீட்டினால், பெற்றதை மட்டும் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

பிஎஃப்பில் விலகிய தேதியை ஏஜென்சி போடாமல் விடுவது வழக்கம். அது இல்லாமல் பணம் எடுப்பதும் மாற்றுவதும் தடைபடும். கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் கழிந்ததும் யுஏஎன் தளத்தில் Mark Exit என்ற இடத்தில் நீங்களே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி வரும். தேதியைச் சரியாகப் போடுங்கள், ஒருமுறை போட்டால் நீங்களாகத் திருத்த முடியாது.